ஐந்து நிறம், எத்தனை கொத்து? ஒரு மரபணு வரைபடத்தைப் படிப்பது பற்றி

போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளைப் பின்னணி, ஐந்து நிறப் புள்ளிகள், ஒரு மூலையில் AFR, இன்னொன்றில் EUR, மூன்றாவதில் EAS. நடுவில் SAS. கூடவே ஒரு வரி: "இனம்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்றவங்க இதைப் பாக்கட்டும். கம்ப்யூட்டரே பிரிச்சுக் காட்டுது."

அவன் முட்டாள் இல்லை. புள்ளியியல் படித்தவன்தான். படமும் பொய்ப்படம் இல்லை. 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவை வைத்து யார் முதன்மைக்கூறு பகுப்பாய்வு (இனிமேல் பிசிஏ) போட்டாலும் ஏறக்குறைய இதே படம்தான் வரும். நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆக இங்கே கேள்வி படம் சரியா தப்பா என்பதல்ல. இந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதில், அவன் எந்தக் கேள்விக்கு அதைப் பதிலாக எடுத்துக்கொண்டான் என்பதுதான். பதிலை அவனுக்கு எழுத ஆரம்பித்து, நீண்டுபோய் இங்கே வந்து நிற்கிறது.

ஒரு சின்னப் பின்குறிப்பை முன்குறிப்பாகவே சொல்லிவிடுகிறேன். தமிழில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். 'மனித இனம்' என்கிறோம், 'தமிழினம்' என்கிறோம், 'பறவை இனம்' என்கிறோம், 'வெள்ளை இனம்' என்றும் சொல்கிறோம். நாலும் நாலு வேறு விஷயம், சொல் ஒன்றுதான். இந்தக் கட்டுரையில் 'இனம்' என்று நான் சொல்வது கடைசிப் பொருளில் மட்டும்: மனிதர்கள் இயற்கையாகவே சில பெரிய பெட்டிகளாகப் பிரிந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பெட்டியில் இருக்கிறார் என்ற எண்ணம்.

சரி, படத்துக்கு வருவோம்.

2015இல் வெளியான 1000 ஜீனோம்ஸ் தரவில் 2,504 பேர். ஒரு பெரிய அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு வரிசை. மரபணுத் தொடரில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. ஒரு கட்டத்தில் இருப்பது 0, 1 அல்லது 2. அதாவது, அந்த இடத்தில் மாற்று எழுத்தின் எத்தனை நகல் இவரிடம் இருக்கிறது என்ற எண்ணிக்கை (அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, அதனால் அதிகபட்சம் இரண்டு). பிசிஏ இந்த அட்டவணையை வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: இந்த 2,504 பேரும் எந்தத் திசையில் பார்த்தால் அதிகமாகப் பரவித் தெரிவார்கள்? அந்தத் திசை PC1. அதற்குச் செங்குத்தான திசைகளில் அடுத்து அதிகப் பரவல் எதில்? அது PC2. இப்படியே போகும்.

பிசிஏவுக்கு நாடு தெரியாது, தோல் தெரியாது, மொழி தெரியாது. நண்பன் சொன்னதில் இந்தப் பாதி சரி. ஆனால் கேள்வியில் 'இந்த 2,504 பேரும்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை விட்டுவிடுகிறோம். பரவல் என்பது உலகத்தின் பரவல் இல்லை, பட்டியலில் இருப்பவர்களின் பரவல்.

யார் அந்தப் பட்டியலில்? 26 இடங்கள் அல்லது சமூகங்கள். ஐரோப்பா என்ற நிறத்தில் பின்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், இத்தாலியின் டஸ்கனி, அப்புறம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழும் வடமேற்கு ஐரோப்பிய வம்சாவளியினர். கிழக்காசியா என்றால் பெய்ஜிங், தென் சீனா, டோக்கியோ, யுன்னானின் தாய் மக்கள், ஹோ சி மின் நகரம். ஆப்பிரிக்கா என்றால் நைஜீரியாவில் இரண்டு, காம்பியா, சியரா லியோன், கென்யாவில் ஒன்று, பிறகு அமெரிக்காவிலும் பார்படாஸிலும் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். தெற்காசியா என்றால் லாகூர் பஞ்சாபிகள், வங்கதேச வங்காளிகள், ஹூஸ்டனில் வாழும் குஜராத்திகள், பிரிட்டனில் வாழும் தெலுங்கர்கள், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். ஆமாம், நம்மாட்களும் அதில் உண்டு. STU என்ற மூன்றெழுத்து அவர்கள்தான்.

இப்போது பட்டியலில் இல்லாதவர்களை எண்ணிப் பாருங்கள். டஸ்கனிக்கும் லாகூருக்கும் நடுவில் துருக்கி இல்லை, ஈரான் இல்லை, அரேபியா இல்லை, ஆப்கானிஸ்தான் இல்லை. லாகூருக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவில் உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான், மங்கோலியா எதுவும் இல்லை. ஸ்பெயினுக்கும் நைஜீரியாவுக்கும் நடுவில் மொராக்கோ, எகிப்து, சூடான், எத்தியோப்பியா ஒன்றும் இல்லை. படத்தில் EUR கொத்துக்கும் AFR கொத்துக்கும் நடுவே தெரியும் அந்த வெள்ளை இடைவெளியில் பெரும்பகுதி, மரபணுவில் உள்ள இடைவெளி இல்லை. ரத்தம் எடுக்காத நாடுகள்.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. அவர்கள் நோக்கம் மனித மரபணு மாறிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பது. உலகப் படம் வரைவது அல்ல. AFR, EUR என்ற ஐந்து பெயர்களும் 26 மாதிரிகளை நிர்வாக வசதிக்காகக் கட்டிய மூட்டைகள். நிறத்தை வைத்தது ஆய்வாளர்கள், பிசிஏ இல்லை. நாம்தான் அந்த நிறத்தைக் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்கிறோம்.

'மாதிரி எடுக்கிற விதமே கொத்தை உண்டாக்கும்' என்று சொன்னால் நிறையப் பேர் நம்புவதில்லை. அதனால் ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு நேர்க்கோட்டு உலகம். ஒரு முனை 0, மறு முனை 1. எங்கேயும் எல்லை கிடையாது, சுவர் கிடையாது. 5,000 மரபணு இடங்கள். ஒவ்வொன்றிலும் மாற்று எழுத்தின் விகிதம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெல்ல, சீராக ஏறுகிறது அல்லது இறங்குகிறது. இந்த உலகத்தில் இனம் எதுவும் இல்லை. நானே கட்டிய உலகம், அதனால் உறுதியாகச் சொல்ல முடியும்.

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
m = 5000
base = rng.uniform(0.3, 0.7, m)
slope = rng.normal(0, 0.1, m)

def pc1(x):
    p = np.clip(base + np.outer(x - 0.5, slope), 0.01, 0.99)
    g = rng.binomial(2, p).astype(float)
    g -= g.mean(axis=0)
    u, s, vt = np.linalg.svd(g, full_matrices=False)
    return u[:, 0] * s[0]

a = pc1(np.repeat([0, 0.5, 1], 50))
b = pc1(np.linspace(0, 1, 150))
```

a, b இரண்டிலும் 150 பேர். a-யில் இரண்டு முனையிலும் நட்டநடுவிலும் தலா 50 பேர். b-யில் கோடு முழுக்க ஒருவர் பின் ஒருவராக 150 பேர். இரண்டையும் ஹிஸ்டோகிராமாகப் போட்டுப் பாருங்கள். a-யில் மூன்று கொத்து, நடுவில் சுத்தமான வெறும் இடம். b-யில் ஒரே நீள இழுவை, எங்கே வெட்டுவது என்றே தெரியாது. உலகம் ஒன்றே. மாறியது நான் எங்கே போய் நின்றேன் என்பது மட்டும்.

நண்பனின் படம் பெருமளவு a-யைப் போன்றது. பெருமளவு என்றுதான் சொல்கிறேன், முழுக்க என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் இந்த விவாதம் ஆய்வாளர்களுக்குள்ளேயே நடந்தது. 2002இல் நோவா ரோசன்பெர்க் குழு 52 மக்கள்தொகைகளைச் சேர்ந்த 1,056 பேரை எடுத்து, பிசிஏ இல்லாமல் வேறொரு கொத்துப் பிரிக்கும் முறையில் ஆராய்ந்தபோது, ஐந்து கொத்து கேட்டால் கண்டங்களை ஒட்டி ஐந்து வந்தது. 2004இல் செர், பாபோ இருவரும், மாதிரியைப் பரவலாக எடுத்தால் சரிவுதான் தெரிகிறது என்று மறுத்தார்கள். 2005இல் ரோசன்பெர்க் குழு திரும்ப வந்து சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: தூரம் கூடக் கூட மரபணு வேறுபாடு மெல்லக் கூடுகிறது, அது பிரதானம். அதற்கு மேல், சமுத்திரம், இமயமலை, சகாரா மாதிரி தடை வரும் இடத்தில் சின்னதாக ஒரு படி கூடுதலாக இருக்கிறது. சாய்தளத்தில் அங்கங்கே அரை அங்குலப் படி. படியே இல்லை என்பதும் தப்பு, அதை மதில் என்பதும் தப்பு.

அதே 2002 ஆய்வில் எல்லாரும் ஐந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆறு கொத்து கேட்டபோது என்ன வந்தது தெரியுமா? ஆறாவதாகத் தனியே பிரிந்தது கலாஷ் மக்கள். பாகிஸ்தானின் சித்ரால் மலைப்பகுதியில் வாழும், சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள சமூகம். கொத்து என்றால் இனம் என்றால், ஆப்பிரிக்கா முழுவதும் ஒரு இனம், ஒரு பள்ளத்தாக்கு இன்னொரு இனம். கலாஷ் பிரிந்ததற்குக் காரணம் சிறிய எண்ணிக்கை, தனித்திருத்தல், உள்ளுக்குள்ளேயே திருமணம். அப்படி இருந்தால் தற்செயலாகவே எழுத்து விகிதங்கள் வேகமாக நகர்ந்துவிடும். கொத்துக் கணக்கு அதையும் 'வித்தியாசம்' என்றே பதிவு செய்யும். எவ்வளவு பழைய பிரிவு என்று அதற்குத் தெரியாது.

இது நமக்கு ரொம்பப் பக்கத்து விஷயம். ஹூஸ்டன் குஜராத்திகளைத் தெற்காசியர்களோடு மட்டும் வைத்துப் பிசிஏ போட்டால் அவர்களே ஒரே இடத்தில் நிற்கமாட்டார்கள். அதனால் சில ஆய்வுத் தரவுகளில் அவர்களை பிசிஏவில் நிற்கும் இடத்தை வைத்து குஜராத்தி A, B, C, D என்று நாலாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். உள்மண வட்டங்கள் தலைமுறை தலைமுறையாக விட்டுச்சென்ற தடம் இது. உலகப் படத்தில் இந்த நாலும் ஒரே பொட்டு. ஜூம் பண்ணினால் நாலு. அங்கே தெலுங்கர்களும் இலங்கைத் தமிழர்களும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள், நிறத்தை எடுத்துவிட்டால் யார் யாரென்று சொல்ல முடியாது. எந்த ஜூமில் நிறுத்தினால் 'உண்மையான' கொத்து எண்ணிக்கை கிடைக்கும்? அதற்குப் பதில் தரவுக்குள்ளே இல்லை.

அடுத்து, நண்பனுடைய வலுவான வாதம். "அவ்வளவு சுத்தமாப் பிரியுதுன்னா வித்தியாசம் பெருசாத்தானே இருக்கணும்?" உள்ளுணர்வுக்குச் சரியாகத்தான் தோன்றும். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

A, B என்று இரண்டு ஊர். 1,000 மரபணு இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் மாற்று எழுத்து A ஊரில் 45 சதவீதம், B ஊரில் 55 சதவீதம். ஒரே ஒரு இடத்தைப் பார்த்து ஒருவர் எந்த ஊர் என்று சொல்லச் சொன்னால் காசு சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மொத்த வேறுபாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் பங்கு வெறும் 1 சதவீதம். மீதி 99 சதவீதம் ஒவ்வொரு ஊருக்கு உள்ளேயே இருக்கிறது.

இப்போது ஆயிரம் இடங்களையும் கூட்டுங்கள். A ஊர்க்காரருக்கு சராசரியாக 900 மாற்று எழுத்து, B ஊர்க்காரருக்கு 1,100. ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் திட்ட விலக்கம் சுமார் 22. இருநூறு வித்தியாசம், இருபத்திரண்டு சிதறல். இரண்டு கொத்தும் கிட்டவே வராது. ஒருவரைக்கூடத் தவறாக வைக்கமாட்டீர்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை: வேறுபாட்டில் 99 சதவீதம் ஊருக்குள்ளே, ஆனாலும் படத்தில் பிரிவு சுத்தம். முரண் மாதிரி தெரியும், இல்லை. ஆயிரம் மெல்லிய சாய்வுகள் ஒரே பக்கம் சாய்ந்தால் கூட்டுத்தொகை பெரிதாகிறது. அந்தச் சாய்வுகளைத் தேடிப்பிடித்துக் கூட்டுவதுதான் பிசிஏவின் வேலையே. (இங்கே நான் வசதிக்காக எல்லாச் சாய்வையும் ஒரே பக்கம் வைத்தேன். நிஜத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், பிசிஏ ஒவ்வொன்றுக்கும் கூட்டல், கழித்தல் குறி போட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளும்.) லூவான்டின் 1972இல் 85 சதவீதம் வேறுபாடு மக்கள்தொகைகளுக்கு உள்ளேயே இருக்கிறது என்றார். எட்வர்ட்ஸ் 2003இல், அப்படி இருந்தாலும் ஆளை வகைப்படுத்த முடியும் என்றார். இணையச் சண்டையில் ஒருவர் இன்னொருவரைத் தோற்கடித்ததாகச் சொல்வார்கள். மேலே உள்ள கணக்கில் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள், பாருங்கள்.

இன்னும் ஒரு படி. விகிதம் 49, 51 என்று இருக்கட்டும், இடங்கள் ஒரு லட்சம். இப்போது சராசரி வித்தியாசம் 4,000, சிதறல் சுமார் 224. முன்னைவிடச் சுத்தமான பிரிவு! வேறுபாடு குறைந்தது, பிரிவு கூடியது. காரணம், அளவுகோல் கூர்மையானது. ஆகவே கொத்துகள் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்பது வித்தியாசத்தின் அளவைச் சொல்வதில்லை. வித்தியாசமும் நீங்கள் பார்த்த இடங்களின் எண்ணிக்கையும் சேர்ந்த கலவையைச் சொல்கிறது.

இதற்கு எனக்குப் பிடித்த நிஜ உதாரணம் ஐரோப்பா. 2008இல் ஜான் நோவெம்ப்ரே குழு நேச்சரில் வெளியிட்ட படம். 1,387 ஐரோப்பியர்களை வைத்துப் பிசிஏ போட்டால் ஐரோப்பாவின் வரைபடமே வந்து விழுகிறது. இத்தாலி கீழே காலை நீட்டுகிறது, ஸ்பெயின் ஓரத்தில் தொங்குகிறது. அந்தப் படத்தை வைத்து ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று யூகித்தால் பாதிப் பேரை 310 கிலோமீட்டருக்குள் வைத்துவிட முடிந்தது. அந்தப் படத்தின் PC1 மொத்த வேறுபாட்டில் எவ்வளவு? 0.30 சதவீதம். PC2? 0.15. இரண்டையும் சேர்த்தால் அரை சதவீதம்கூட இல்லை. அதுவும் தாத்தா பாட்டி பற்றித் தெரிந்த இடத்தில், நாலு பேரும் ஒரே நாட்டவர்களாக இல்லாதவர்களை விலக்கிய பிறகு. கலந்தவர்களை எடுத்துவிட்டுப் பார்த்தால் கலப்பு தெரியாது, இல்லையா.

அதனால் பிசிஏ படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அச்சின் ஓரத்தில் அந்தச் சதவீதம் இருக்கிறதா என்று. நண்பன் அனுப்பியதில் இல்லை. மென்பொருள் இரண்டு அச்சையும் சதுரத்துக்கு ஏற்றபடி இழுத்துவிடும். PC2 என்பது PC1-ஐவிடக் குறைவான பரவல் என்றாலும் படத்தில் இரண்டும் ஒரே நீளம். கண் அதை நம்பிவிடும்.

இனி SAS. நடுவில் நிற்கும் நாம்.

முதல் இரண்டு அச்சில் தெற்காசியப் புள்ளிகள் ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையில் விழுகின்றன. இதை வைத்து 'இந்தியர்கள் பாதி ஐரோப்பியர் பாதி சீனர்' என்று ஒருவர் எழுதியதை நான் நிஜமாகவே படித்திருக்கிறேன். இன்னும் வேடிக்கை, AMR என்ற நிறத்தில் உள்ள மெக்சிகோ, பெரு வம்சாவளியினர் பலரும் அதே நடுப்பகுதியில் வந்து விழுகிறார்கள். லாகூர்க்காரரும் லிமாக்காரரும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளி. உறவா? இல்லை. லிமாக்காரரின் முன்னோர்களில் ஒரு பகுதி ஸ்பானியர்கள், பெரும்பகுதி அமெரிக்கப் பூர்வகுடிகள். பூர்வகுடிகள் கிழக்காசியர்களோடு பழைய உறவு கொண்டவர்கள், இந்த இரண்டு அச்சில் அவர்கள் பக்கமாகச் சாய்கிறார்கள். அதனால் அவர் நடுவில். லாகூர்க்காரர் நடுவில் நிற்பதற்குக் காரணம் முற்றிலும் வேறு. மேற்கு யூரேசியாவோடு பகிரும் வம்சாவளி ஒரு பங்கு. இன்னொரு பங்கு தெற்காசியாவுக்கே உரிய பழைய வம்சாவளி. இந்த இரண்டாவது பங்குக்கு முதல் இரண்டு அச்சில் தனி இடமே கிடையாது. இடம் இல்லாதவர் எங்கே போவார்? நடுவில்தான் உட்கார வேண்டும்.

அடுத்த அச்சுகளைப் போட்டால் SAS ஒரு பக்கம், AMR இன்னொரு பக்கம் என்று விலகிவிடுகிறது. அதாவது முதல் படத்தில் தெரிந்த நெருக்கம், கிழக்குக் கோபுரமும் அதற்கு நேர் பின்னே ஒரு மைல் தள்ளி நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் போட்டோவில் ஒட்டினாற்போலத் தெரிகிற கதை. படத்தில் தூரமாக இருந்தால் நிஜமாகவே ஏதோ வித்தியாசம் உண்டு என்று ஓரளவு நம்பலாம். பக்கமாக இருந்தால், அடுத்த அச்சைப் பார்க்கும்வரை எதையும் நம்பக் கூடாது.

கொத்து என்பது சில சமயம் மனிதர்களைப் பற்றியதாகவே இருக்காது. எட்டாவது குரோமோசோமில் 8p23 என்ற இடத்தில் ஒரு நீண்ட துண்டு சிலருக்குத் தலைகீழாகத் திரும்பியிருக்கும். அந்தத் துண்டுக்குள் உள்ள நூற்றுக்கணக்கான இடங்கள் மொத்தமாக ஒன்றாகவே கைமாறும். ஒன்றாக நகரும் பத்திகள் என்றால் பிசிஏவுக்கு அல்வா. நெருக்கமாகப் பிணைந்த இடங்களை முன்கூட்டியே களையெடுக்காமல் போட்டால், ஏதாவது ஒரு அச்சில் அழகாக மூன்று கொத்து வரும்: திரும்பிய துண்டு இல்லாதவர், ஒன்று உள்ளவர், இரண்டு உள்ளவர். அண்ணன் ஒரு கொத்தில், தம்பி இன்னொன்றில் இருப்பார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. அந்த அச்சுக்கு எந்தெந்த இடங்கள் எவ்வளவு பங்களித்தன என்று குரோமோசோம் வரிசையில் வரைந்து பாருங்கள். வம்சாவளி என்றால் எல்லா இடத்திலும் மெலிதாகப் பரவியிருக்கும். இப்படிப்பட்ட போலி என்றால் ஒரே இடத்தில் தென்னை மரம் மாதிரி நிற்கும்.

இதையெல்லாம் சொன்னால் எதிர்ப்பக்கம் ஒருவர் கிளம்பிவிடுவார்: அப்படியென்றால் பிசிஏவே குப்பை. 2022இல் எரான் எல்ஹைக் ஏறக்குறைய அந்தத் தொனியில் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். மாதிரியை மாற்றினால் விரும்பிய படத்தை வரவழைக்கலாம் என்று காட்டினார். காட்டியது சரி, எட்டிய முடிவோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நோய் ஆய்வில், நோயாளிகள் ஒரு வம்சாவளியிலிருந்தும் ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் இன்னொன்றிலிருந்தும் கூடுதலாக வந்துவிட்டால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத மரபணு மாறியெல்லாம் குற்றவாளியாகத் தெரியும். அதைத் திருத்த 2006 முதல் பிசிஏ அச்சுகளைத்தான் பயன்படுத்துகிறோம், பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. கவனியுங்கள், அங்கே யாரும் கொத்தை எண்ணுவதில்லை, பெயர் வைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் அச்சில் ஒரு எண், அவ்வளவே.

நண்பனுக்கு இவ்வளவையும் அனுப்பவில்லை. அதே 2,504 பேர், அதே PC1, PC2, ஆனால் எல்லாப் புள்ளியும் சாம்பல் நிறம், பெயர்ப்பலகை இல்லை, அப்படி ஒரு படம் மட்டும் அனுப்பி, "எத்தனை இனம்னு எண்ணிச் சொல்லு" என்றேன். அரைமணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "மூணு மூலை இருக்கு. ஒரு மூலைலேருந்து வால் மாதிரி ஒண்ணு நீளுது. நடுவுல ஒரே குழப்பம். அந்த நடுவுல இருக்கறது யாரு?"

"நீயும் அங்கதாண்டா இருக்கே" என்றேன். "அந்த வால், அமெரிக்காவுலயும் பார்படாஸ்லயும் இருக்கற ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்க. இப்போ ஈரானையும் எத்தியோப்பியாவையும் எங்க வைக்கலாம்னு சொல்லு." இன்னும் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறான்.